பணிப்பகிர்வு குறித்த தங்கள் மனுவுக்குப் பதில்

அனுப்புநர்
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி.

நாள்: 20.08.2025

பொருள்: பாடவேளை, மாற்றுப் பாடவேளை, எமிஸ் பதிவுப் பணி ஆகியவற்றின் பகிர்வு – தாங்கள் அளித்த மனு – பதில் தெரிவித்தல் – சார்பு.

பார்வை: தங்களது 11.08.2025 நாளிட்ட மனு.

அன்புடையீர்,

தங்கள் மனுவை முழுமையாகப் படித்தேன். ஜூலை மாதத்தில் இதே குறையைத் தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்திருந்ததையும், அதற்கு உறுதியான பதில் எதுவும் கிடைக்காததால் எழுத்து மூலம் அளிக்க நேர்ந்ததையும் மனுவில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது சரியே. ஆகவே இந்தப் பதிலில் சரிபார்த்தவை எவை, மாற்றப்படுபவை எவை, இப்போதைக்கு மாற்ற இயலாதவை எவை என்று தனித்தனியாகத் தெரிவிக்கிறேன். கால அட்டவணையையும், ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 8 வரையிலான நான்கு வாரங்களுக்குரிய மாற்றுப் பாடவேளைப் பதிவேட்டையும் உதவித் தலைமையாசிரியருடன் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாரத்தின் 40 பாடவேளைகளில் 32 தங்களிடம் உள்ளன என்பது சரியான கணக்கு. பொது மாறுதல் கலந்தாய்வில் மற்றொரு வேதியியல் ஆசிரியர் வேறு பள்ளிக்குச் சென்ற பின், பதினொன்றாம் வகுப்பின் இரு பிரிவுகளும் பன்னிரண்டாம் வகுப்பின் இரு பிரிவுகளும், பிரிவுக்கு 6 பாட வகுப்புகளும் 2 செய்முறை வகுப்புகளுமாக, தங்களிடமே வந்து சேர்ந்தன. பணியிடம் காலியானதற்குப் பள்ளி காரணமில்லை என்றாலும், அந்தக் காலியிடத்தின் சுமை முழுவதும் ஒருவர் மீதே விழுந்திருக்கும் நிலையில், அவருக்கு மற்ற பணிகளையும் முன்போலவே ஒதுக்கியது பற்றித்தான் தங்கள் மனு கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது.

மாற்றுப் பாடவேளைகளைப் பொறுத்தவரை, அந்த நான்கு வாரங்களில் மேல்நிலை வகுப்புகளுக்கு மொத்தம் 58 மாற்றுப் பாடவேளைகள் போடப்பட்டுள்ளன. 12 முதுகலை ஆசிரியர்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். பதிவேட்டின்படி தங்களுக்கு 13 வந்துள்ளன. தங்களுக்கிருந்த 32 ஓய்வுப் பாடவேளைகளில் 13 இப்படிப் போயிருக்கின்றன. மனுவில் 15 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவசரத்தில் வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதும் நம் பள்ளியில் நடப்பதுதான் என்பதால், மற்ற இரண்டின் நாளும் வேளையும் நினைவிருந்தால் தெரிவியுங்கள். அவற்றையும் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். எண்ணிக்கை 13 ஆனாலும் 15 ஆனாலும் கீழே உள்ள முடிவுகளில் மாற்றம் இல்லை.

காரணத்தைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஆய்வகத்தில் செய்முறை வகுப்புகளுக்கு அடுத்தடுத்த இரு பாடவேளைகள் தேவைப்படுவதால், தங்கள் வகுப்புகள் நாளின் நடுவில் நெருங்கி அமைந்து, வாரத்தின் 8 ஓய்வுப் பாடவேளைகளில் ஐந்து, நாளின் முதல் வேளையிலும் எட்டாம் வேளையிலும் வருகின்றன. அனுமதி பெற்றுத் தாமதமாக வருபவர்களும் முன்னதாகச் செல்பவர்களும் இருப்பதால், பள்ளியில் ஆள் தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த இரு வேளைகளில்தான். தங்களுக்கு வந்த 13இல் 9 அவற்றிலேயே விழுந்துள்ளன. மற்றொன்று, 4 சந்தர்ப்பங்களில் அதே வேளையில் இன்னோர் ஆசிரியரும் ஓய்வில் இருந்தும் தங்கள் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. “கேட்டால் மறுக்கமாட்டேன் என்பதாலேயே என்னிடம் வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் திட்டமிட்டு இதைச் செய்ததாகப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தங்கள் பெயரை எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது என்பதை அந்த நான்கு பதிவுகளைப் பார்த்த பின் மறுக்கவும் முடியாது.

எனவே ஆகஸ்ட் 25, திங்கள்கிழமை முதல், வாரத்தில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பாடவேளைகள் உள்ள எந்த ஆசிரியருக்கும் வாரத்துக்கு ஒரு மாற்றுப் பாடவேளைக்கு மேல் ஒதுக்கப்படாது. மற்றவர்களுக்குச் சுழற்சி முறையில், கடைசியாக யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவருக்கு அடுத்த பெயரிலிருந்து, ஒதுக்கப்படும். அன்றன்றைய ஒதுக்கீடு ஆசிரியர் அறைப் பலகையில் எழுதப்படும். முதல் மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வராந்தாவில் நிறுத்திச் சொல்லும் முறை இனி வேண்டாம் என்று உதவித் தலைமையாசிரியரிடம் தெரிவித்துவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு இவ்வாண்டு முதல் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அதன் இரு பிரிவுகளையும் பாட வகுப்புகளுக்கு இணைத்துவிடலாம் என்ற தங்கள் யோசனையை ஏற்க இயலவில்லை. 46 பேரும் 44 பேரும் சேர்ந்தால் 90 மாணவர்கள். அவர்களை அமர வைக்கும் வகுப்பறை நம்மிடம் இல்லை. தவிரவும், பொதுத்தேர்வு இல்லையென்றாலும் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பதினொன்றின் அடிப்படையின் மேல்தான் நிற்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாற்றாக, புதிய ஆசிரியர் வரும்வரை மட்டும், பதினொன்றாம் வகுப்பின் ஒவ்வொரு பிரிவிலும் வாரம் ஒரு பாட வகுப்பைக் குறைத்து அதை நூலகப் பாடவேளையாக மாற்றலாம். இதனால் தங்கள் பாடவேளைகள் 30 ஆகும். பாடத்திட்டம் முடிவதில் சிரமம் ஏற்படும் என்று கருதினால் இதை மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு. தங்கள் சம்மதமின்றி அட்டவணையைத் திருத்தமாட்டேன்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் விவரங்களை எமிஸ் தளத்தில் பதிவு செய்யும் பணி முழுவதும் தங்களிடம் இருப்பது தொடராது. அதைக் கணினி ஆசிரியரிடம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். கணினி தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றினால் அடுத்த மனு அவரிடமிருந்துதான் வரும். அந்தந்தப் பிரிவின் வகுப்பாசிரியரே தம் மாணவர்களின் விவரங்களைப் பதிவு செய்வார் என்று முடிவு செய்துள்ளேன். தாங்கள் வகுப்பாசிரியராக உள்ள பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு தங்களிடமே இருக்கும். வகுப்பாசிரியர் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டிருந்தீர்கள். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஆண்டின் நடுவில் வகுப்பாசிரியரை மாற்றுவது நல்லதல்ல என்பதால் அதை இவ்வாண்டு செய்ய இயலாது. அடுத்த கல்வியாண்டு ஒதுக்கீட்டின்போது தங்கள் விருப்பம் முதலில் கேட்கப்படும்.

கணித ஆசிரியருக்கு 24 பாடவேளைகளே உள்ளன என்று ஒப்பிட்டிருக்கிறீர்கள். மற்றோர் ஆசிரியரின் பொறுப்புகளைத் தங்களுக்கு எழுதும் கடிதத்தில் விளக்குவதும், அதைக் கொண்டு தங்கள் குறைக்குப் பதில் சொல்வதும் முறையாக இராது. எல்லா ஆசிரியர்களின் பாடவேளைகளையும் கூடுதல் பொறுப்புகளையும் ஒரே தாளில் எழுதி ஆகஸ்ட் 29 அன்று ஆசிரியர் கூட்டத்தில் வைக்கிறேன். அதைப் பார்த்து யாரும் எந்தக் கேள்வியும் எழுப்பலாம்.

காலிப் பணியிடத்துக்கு மாற்றுப்பணி மூலம் ஓர் ஆசிரியரை அனுப்பக் கோரி முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. தங்கள் மனுவில் உள்ள பாடவேளைக் கணக்கை, தாங்கள் சம்மதித்தால் பெயரின்றி, அடுத்த நினைவூட்டுக் கடிதத்தில் சேர்க்க விரும்புகிறேன். ஆசிரியர் எப்போது வருவார் என்பது என் கையில் இல்லாததால் நாள் எதையும் நான் வாக்களிக்கவில்லை.

இந்த மனு தங்கள் பணிப்பதிவேட்டில் எவ்விதக் குறிப்பாகவும் ஏறாது. இந்தப் பதில் போதுமானதாக இல்லையெனில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு உரிய வழியாக விண்ணப்பிக்கலாம். அது என்னிடம் வந்த நாளிலேயே மேலனுப்பப்படும். அட்டவணை திருத்தம் பற்றிய தங்கள் முடிவை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்திலோ நேரிலோ தெரிவித்தால், திங்கள் காலை புதிய அட்டவணையைப் பலகையில் ஒட்ட வசதியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்

நகல்: உதவித் தலைமையாசிரியர் (மாற்றுப் பாடவேளை ஒதுக்கீடு தொடர்பான நடவடிக்கைக்காக மட்டும்)