அக்டோபர் மாதக் கணக்கை முன்னிட்டு ஒரு வாழ்த்து

சென்னை
8 நவம்பர் 2025

அன்புமிக்க நண்பர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் மாதக் கணக்கை நேற்று இரவு முடித்தேன். வாடகை, சம்பளம், சர்வர் கட்டணம், தேய்மானம் அனைத்தும் போக 10,500 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் நட்டம் என்று காட்ட அடைப்புக்குறிக்குள் எழுதி வந்த கடைசி வரியை முதன்முறையாக அடைப்புக்குறி இல்லாமல் எழுதியபோது, கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். உங்கள் பதினாறு பேருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.

உங்கள் பில் மென்பொருளுக்காக ஒரு மருந்துக் கடை மாதம் செலுத்தும் 900 ரூபாயில் அந்தக் கடைக்கென ஆகும் செலவு 150 போக 750 நமக்கு நிற்கிறது; நிலையான செலவு 11.4 லட்சம் என்பதால் 1,520 கடைகள் வந்தால்தான் வரவும் செலவும் சமமாகும் என்று பெருங்குடி அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில் நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். அக்டோபரில் பணம் செலுத்தியவை 1,534 கடைகள். இந்தக் கடைசி ஏற்றத்துக்குக் காரணம் விளம்பரம் அல்ல என்பதே என் கணிப்பு. பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த செப்டம்பர் 22 காலையில், உங்கள் மென்பொருளை வைத்திருந்த கடைகளில் ஒன்றுகூட பழைய வரியில் பில் போடவில்லை. அதற்காக முந்தைய ஞாயிறு இரவு முழுவதும் உங்களில் ஆறு பேர் விழித்திருந்தீர்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் அதைப் பார்த்தே வந்தார்கள்.

சம்பளப் பதிவேடும் என்னிடம்தான் இருக்கிறது. வெளியே இரு மடங்கு கிடைத்திருக்கும் என்று தெரிந்தும் நீங்கள் வாங்கிக்கொண்ட தொகைகளும், நிறுவனர்கள் இருவரும் பதினான்கு மாதங்கள் எதுவும் எடுக்காமல் விட்டதும் அதில் வரி வரியாக இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் தெரியாதவை வீட்டில் சொல்ல வேண்டியிருந்த பதில்கள், தள்ளிப்போட்ட திருமணங்கள், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கைமாற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சூழ்ந்த நாட்களில், கணினிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு கடைக்காரர்களின் அழைப்புகளுக்குச் சொந்தக் கைபேசியில் பதில் சொன்னீர்கள். அந்த மாதச் சம்பளம் பதினோரு நாள் தாமதமானது, ஒருவரும் விலகவில்லை. இந்த நிறுவனத்தில் போடப்பட்ட முதலீடுகளிலேயே பெரியது அதுதான் என்று கணக்கு எழுதுபவனாகவே சொல்கிறேன்.

ஒரு மாதக் கணக்கை வைத்து ஆண்டுக் கணக்கை முடிவு செய்ய முடியாது. பழைய நட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. இருப்பினும், உபரி நிலைத்தால் ஊதிய உயர்வுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்று நிறுவனர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு அக்டோபர் அறிக்கையின் அச்சுப்படியோடு நேரில் வருகிறேன். கடைசிப் பக்கத்தில் பதினாறு பேரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தப் படியை என் கோப்பில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு ஆலோசகர்