ஞாயிறு காலை, முதல் ஐந்து ஓவர்: ஃபீல்டிங் படம்

வலது கை பேட்ஸ்மேனுக்கு. பந்து கீழிருந்து மேலே வருகிறது. படத்தின் இடப்பக்கம் ஆஃப் சைடு.

```
 9                       8

          2 1 ●
      3
  4           ▲
                     7
              |
        5     ■     6
```

● கீப்பர், ▲ பேட்ஸ்மேன், ■ பவுலர். 1, 2 ஸ்லிப், 3 கல்லி, 4 பாயிண்ட், 5 மிட் ஆஃப், 6 மிட் ஆன், 7 மிட் விக்கெட், 8 ஃபைன் லெக், 9 தேர்ட் மேன். 8, 9 மட்டும் பவுண்டரியில், மற்ற எல்லாரும் வட்டத்துக்குள்ளே.

தம்பிகளா, முதலில் 4-க்கும் 5-க்கும் நடுவே பாருங்கள். கவரில் ஆளே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குச் சேர்வராயன் மலைப் பக்கம் இன்னும் குளிர் விடாத நேரம், பந்தும் புதுசு. நம் ஓப்பனிங் பவுலர் ஆஃப் ஸ்டம்பில் ஆரம்பித்து வெளியே போகிற மாதிரி, கொஞ்சம் முன்னால் குத்திப் போடுவார். காலியான கவரைப் பார்த்ததும் டிரைவ் அடிக்கக் கை துறுதுறுக்கும். பந்து கடைசியில் விலகினால் விளிம்பில் பட்டு 1, 2, 3 பக்கம்தான் வரும். அதற்காக இரண்டு ஃபோர் போனாலும் பரவாயில்லை, பவுலரை யாரும் முறைக்க வேண்டாம்.

பாயிண்ட் எதற்கு? ஷார்ட்டாக விழுந்தால் கட் அடிப்பார்கள், அதைத் தடுக்க. அவ்வளவுதான்.

மிட் விக்கெட்டும் ஃபைன் லெக்கும் பவுலரின் தவறுக்குக் காவல். லைன் காலுக்கு நகர்ந்தால் ஃப்ளிக் 7-க்கு, லேசாகத் தட்டினால் 8-க்கு. லெக் சைடில் மூன்றே பேர் என்பதால் அந்தப் பக்கம் போடக் கூடாது என்பது பவுலருக்கும் தெரியும். ஆனால் ஃபைன் லெக் தம்பி, நீ சும்மா நிற்கிறவன் இல்லை. நான் கை காட்டினால் ஸ்கொயர் பக்கம் பத்து அடி நகர்ந்து போ, அடுத்தது பவுன்சர். ஓடாதே, நடந்து போ. ஓடினால் பேட்ஸ்மேனும் பார்த்துவிடுவார். ஸ்கொயருக்குப் பின்னால் லெக் சைடில் கீப்பர் தவிர இரண்டு பேர் வரை நிற்கலாம், அதனால் தேவைப்பட்டால் மிட் ஆனையும் அங்கே அனுப்புவேன்.

ஸ்லிப்புக்கு ஒரு வார்த்தை. போன வாரம் இரண்டாம் ஸ்லிப் இரண்டு அடி முன்னே வந்து நின்றதால், எட்ஜ் விரல் நுனியில் பட்டு எகிறிப் போனது. அந்தப் பேட்ஸ்மேன் அப்புறம் அறுபது அடித்தார். கீப்பர் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் தூரம் வைக்க வேண்டும். 1 பந்தைப் பார்க்கணும். 2, 3 பேட்டின் விளிம்பைப் பார்க்கணும்.

இடது கை பேட்ஸ்மேன் வந்தால் படத்தை அப்படியே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் மாதிரி யார்க்கர் போடுகிற கடைசி ஓவர்களுக்கு ஃபீல்டே வேறு, அந்தப் படம் ட்ரிங்க்ஸ் பிரேக்கில் தருகிறேன்.