தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு, இரண்டு பெட்ரூம் வாடகை வீடு: 30 விநாடி வீடியோ உரை

வீட்டுக் குறி: மாடி 14. போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டும். படப்பிடிப்பு காலை 9 முதல் 10.30க்குள், ஹால் ஜன்னல் கிழக்கே பார்ப்பதால் அந்த நேரத்தில் விளக்கே வேண்டாம். குரலைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கவும். காலி வீட்டில் எதிரொலி வரும், ஹாலில் நின்று பேசினால் தொகை காதில் விழாது.

0–8 விநாடி: வாடகை

படம்: திறந்த வாசல் கதவிலிருந்து நேராக ஹாலுக்குள் நடை. கட்டடத்தின் முகப்பில் தொடங்க வேண்டாம். வாடகையைச் சொல்லும்போது கண் வீட்டுக்குள் இருக்கட்டும்.

குரல்: "தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கத்துல ரெண்டு பெட்ரூம் வீடுங்க. வாடகை பதிமூணாயிரம், மெயின்டனன்ஸ் ஆயிரத்து இருநூறு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான்."

திரையில்: வாடகை ரூ.13,000 + மெயின்டனன்ஸ் ரூ.1,200 | அட்வான்ஸ் ரூ.39,000

மெயின்டனன்ஸை விட்டுவிட்டு வாடகையை மட்டும் சொல்லக் கூடாது. வீடு பார்க்க வந்தவர் அதை வாசலில் கேள்விப்பட்டால் அங்கேயே பேரம் முறிந்துவிடும்.

8–17 விநாடி: அளவு

படம்: ஹால் மூலையிலிருந்து எதிர்மூலை வரை 3 விநாடி, பெரிய பெட்ரூம் 2, அதன் பாத்ரூம் கதவு 1, கிச்சன் 3. கிச்சனில் இரண்டு குழாயையும் திறந்து ஓடவிட்டு எடுக்கவும்.

குரல்: "ரெண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு. உள்ளளவு அறுநூத்தித் தொண்ணூறு சதுர அடி. ஹால் பதினாறுக்குப் பதினொண்ணு. ஒரு பெட்ரூம்ல அட்டாச்டு பாத்ரூம். கிச்சன்ல போர் தண்ணி, மாநகராட்சித் தண்ணி ரெண்டும் வரும்."

திரையில்: உள்ளளவு 690 சதுர அடி | ஹால் 16 × 11 | பெட்ரூம் 12 × 11, 11 × 10 | கிச்சன் 10 × 8

சூப்பர் பில்டப் அளவான 900ஐ இங்கே சொல்ல வேண்டாம். அதில் வெளிச்சுவர், பால்கனி, மாடிப்படிப் பங்கு எல்லாம் அடங்கும். கட்டில், பீரோ போட இடம் பார்ப்பவருக்கு உள்ளளவுதான் கணக்கு. அதே காரணத்தால் கேமராவின் 0.5 லென்ஸும் வேண்டாம். 11 அடிச் சுவர் 15 அடியாகத் தெரியும், நேரில் வந்தவர் முகம் சுருங்கும். சாதாரண 1x போதும், மார்பு உயரத்தில் பிடித்து மெதுவாக நடக்கவும்.

17–24 விநாடி: சுற்றுவட்டாரம்

படம்: பால்கனியிலிருந்து தெரு 2 விநாடி, தெருமுனைக் கடைகள் 2, பார்க்கிங்கின் சரிவுப் பாதை கீழிருந்து மேலாக 3.

குரல்: "மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நடந்தே பத்து நிமிஷம். புது பஸ் ஸ்டாண்டு வண்டியில ஆறு நிமிஷம். மளிகை, பால், மருந்துக்கடை தெருமுனையில. பார்க்கிங் தெருவை விட ரெண்டடி உயரம்."

திரையில்: ஆஸ்பத்திரி 10 நிமிட நடை | பஸ் ஸ்டாண்டு 6 நிமிடம் | ஒரு கார், ஒரு பைக் நிறுத்தலாம்

பார்க்கிங் உயரத்தைச் சொல்லும் கடைசிக் குரல் வரியை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நனைந்த அனுபவம் உள்ள டெல்டாக்காரர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். வெட்டியே ஆக வேண்டுமென்றால் மளிகை வரியை எடுங்கள். கடைகள் படத்திலேயே தெரிகின்றன.

24–30 விநாடி: தொடர்பு

படம்: ஹால் ஜன்னல் பக்கம், அசையாமல்.

குரல்: "பார்க்கணும்னா கீழ இருக்கற வாட்ஸ்அப் பட்டனைத் தட்டி 'மாடி 14'னு அனுப்புங்க. தினமும் காலை பத்துலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் காட்டுறோம்."

திரையில்: வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: மாடி 14 | காலை 10 – மாலை 6

போன் எண்ணை வாயால் சொல்ல வேண்டாம். பத்து இலக்கத்துக்கு நாலைந்து விநாடி போகும், யாரும் எழுதிவைக்கவும் மாட்டார்கள். இந்தத் திரை 6 விநாடியும் நிற்கட்டும்.

வீடியோவுக்குக் கீழே போடும் குறிப்பு

தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு அருகில். வாடகை ரூ.13,000, மெயின்டனன்ஸ் ரூ.1,200, அட்வான்ஸ் ரூ.39,000. உள்ளளவு 690 சதுர அடி, இரண்டாவது மாடி, லிஃப்ட். தனி மின் மீட்டர், மின் கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டு பாத்ரூம்: ஒன்று வெஸ்டர்ன், ஒன்று இந்தியன். அசைவம் சமைக்கலாம். குடும்பத்துக்கும், சேர்ந்து தங்கும் டாக்டர்கள், நர்ஸ்கள் மூவர் வரைக்கும் தரப்படும். ஒப்பந்தம் 11 மாதம். எங்கள் கமிஷன் ஒரு மாத வாடகை, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுத்தால் போதும். வீடு பார்க்கக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் 'மாடி 14' என்று அனுப்பும்போது எத்தனை பேர், எந்தத் தேதியில் குடிவருகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வீடு போய்விட்டால் அன்றே இந்தக் குறிப்பின் முதல் வரியில் "வாடகைக்குப் போய்விட்டது" என்று சேர்க்கவும்.