வார்டன் சாருக்கு, மாலை போடுற நாலு பேருக்காக: காலை கேட்டும் சாப்பாடும்

09.11.2025
பி பிளாக், பாய்ஸ் ஹாஸ்டல், கோயம்புத்தூர்

வணக்கம் சார்,

நேத்து ஆபீஸ்ல வந்து கேட்டப்போ எல்லாத்தையும் எழுதி அனுப்புப்பா வாயில சொன்னா எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு சொன்னீங்க, அதான் எழுதுறேன். லெட்டர் கொஞ்சம் நீளமா போகும் சார், ஒரே தடவையில எல்லாம் சொல்லிட்டா அப்புறம் தினமும் உங்க ரூம் கதவ தட்ட வேண்டியதில்ல பாருங்க.

கார்த்திகை 1, அதாவது நவம்பர் 17 திங்கக்கிழமை நாங்க நாலு பேர் சபரிமலைக்கு மாலை போடுறோம். நான் கன்னிசாமி, இது தான் முதல் வருஷம். மத்த மூணு பேரும் ஏற்கனவே போனவங்க, ஆனா ஹாஸ்டல்ல இருந்துகிட்டு விரதம் இருக்குறது அவங்களுக்கும் புதுசு, போன வருஷம் வரைக்கும் வீட்ல இருந்து போட்டவங்க. என் பெரியப்பா தான் எங்க நாலு பேருக்கும் குருசாமி, கம்பத்துல இருந்து 16 ராத்திரி இங்க வர்றார், மறுநாள் விடியக்காலை சித்தாபுதூர் ஐயப்பன் கோயில்ல மாலை போட்டு விடுவார். எங்க ஊரு வழியா தான் சார் குமுளிக்கு எல்லா வண்டியும் போகும், கார்த்திகை பொறந்தா ராத்திரி முழுக்க சரண சத்தம் கேட்டுட்டே தான் தூங்குவோம், அப்படி இருந்தும் நான் போனதே இல்ல, வீட்ல அப்பா இந்த வருஷம் போயிட்டு வாடான்னு சொல்லிட்டார்.

48 நாள் விரதம். ஆனா உங்களுக்கு 48 நாள் தொல்லை இல்ல, டிசம்பர் 18ஓட எங்க கடைசி பேப்பர் முடியுது, அன்னைக்கு சாயங்காலமே ஊருக்கு கிளம்பிடுவோம், மீதி நாள் வீட்ல. மண்டல பூஜை டிசம்பர் 27 முடிஞ்சு நடை சாத்திட்டு 30 தான் திரும்ப திறப்பாங்க, நாங்க ஜனவரி முதல் வாரத்துல மலைக்கு போறோம். அதனால நான் கேக்குறது நவம்பர் 17ல இருந்து டிசம்பர் 18 வரைக்கும் மட்டும் தான்.

முதல்ல காலை விஷயம் சார். விரதத்துல சூரியன் வர்றதுக்கு முன்னாடி பச்சத் தண்ணில குளிச்சு சரணம் சொல்லி முடிக்கணும், சாயங்காலமும் இதே மாதிரி. நம்ம பிளாக்ல கிரில் கேட் ஆறு மணிக்கு தான் திறக்குது, மாடியில டேங்க் தண்ணி அஞ்சரைக்கு மோட்டார் போட்ட பிறகு தான் ஒழுங்கா வருது, வந்ததும் எல்லாரும் பக்கெட்டோட வரிசையில நிப்பாங்க. அதனால காலை 4.45க்கு எங்க நாலு பேருக்கு மட்டும் கிரில் கேட்ட திறந்து விட்டா போதும். கீழ துணி துவைக்கிற கல்லு பக்கத்துல ஒரு குழாய் இருக்குல்ல, அதுல எப்பவும் தண்ணி வரும், அங்கயே குளிச்சிடுவோம், மோட்டார முன்னாடி போட சொல்லல. மாடி பாத்ரூம்ல அந்த நேரத்துல தண்ணி ஊத்துனா பக்கத்து ரூம் பசங்க எந்திரிச்சு திட்டுவாங்க, கீழன்னா அந்த பிரச்சனையும் இல்ல.

குளிச்சிட்டு மெயின் கேட் வழியா பின் தெருவுல இருக்குற பிள்ளையார் கோயிலுக்கு போயிட்டு வருவோம், குருக்கள் அஞ்சரைக்கு நடை திறந்துடுறார், கேட்டு வச்சிருக்கேன். 6.15க்குள்ள உள்ள வந்துடுவோம். கோயில்னு சொல்லிட்டு வெளிய போயி டீக்கடையில நின்ன கதையெல்லாம் உங்களுக்கும் தெரியும், அதனால நீங்க யோசிக்கிறது நியாயம் தான். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு தனி நோட்டு வைங்க சார், போறப்பவும் வர்றப்பவும் டைம் போட்டு நாலு பேரும் கையெழுத்து போடுறோம், பயோமெட்ரிக்லயும் கை வைக்கிறோம். நாலு பேரும் சேந்து தான் போவோம் சேந்து தான் வருவோம், ஒருத்தன் 6.15 தாண்டி வந்தா கூட அடுத்த நாள்ல இருந்து நாலு பேருக்கும் பெர்மிஷன் கட் பண்ணிடுங்க, இத நாங்களே பேசி ஒத்துகிட்டது தான். நாலு வீட்டு அப்பாவும் சம்மதம்னு எழுதி கையெழுத்து போட்ட பேப்பர் ஊர்ல இருந்து போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க, பிரிண்ட் எடுத்து இது கூடவே வச்சிருக்கேன்.

முதல் நாள், 17 மட்டும் 4.15க்கே கிளம்பணும் சார், பெரியப்பா கார்ல வந்து கூட்டிட்டு போயி திரும்ப கொண்டு வந்து விடுவார். வேணும்னா அவரே வாசல்ல வந்து உங்களை பாத்துட்டு கூட்டிட்டு போவார்.

அடுத்து சாப்பாடு, இது தான் முக்கியமான பாயிண்ட். எங்களுக்கு தனியா ஒன்னும் சமைக்க வேண்டாம். மெஸ்ஸுல என்ன சைவம் இருக்கோ அதையே சாப்பிடுறோம், ஆனா மத்தது கலக்குறதுக்கு முன்னாடி எடுத்து குடுத்துட்டா போதும். மாஸ்டர் அண்ணன்கிட்ட நின்னு பேசி பாத்தேன். இட்லி முதல் ஈடு ஆறு மணிக்கே இறங்கிடுது, சாம்பார் அதுக்கும் முன்னாடியே ரெடி, ஏழரைக்கு கவுண்டர் திறக்குற வரைக்கும் அது பாட்டுக்கு ஹாட் பாக்ஸ்ல தான் கிடக்கும். கோயில்ல இருந்து வந்ததும் 6.30க்கு அத நாங்க சாப்பிட்டுக்குறோம். சிக்கல் எதுலன்னா தோசை போடுற நாள் தான். அதே கல்லுல தான் ஆம்லெட்டும் போடுறாங்க, ஏழரைக்கு மேல வந்தா எது எதுக்கு அப்புறம் ஊத்துனதுன்னு யாருக்கும் தெரியாது. காலையில கல்ல கழுவி சூடு பண்ணதும் முதல் தோசைய எங்களுக்கு ஊத்தி குடுத்துட்டா எந்த தகராறும் இல்ல, அதுக்கு தான் முக்கியமா இந்த சீக்கிர டைம் கேக்குறேன், பசி தாங்காம இல்ல.

மத்தியானம் ஸ்பெஷலா எதுவும் வேண்டாம், லைன்லயே நிக்குறோம், ஞாயித்துக்கிழமை சிக்கன் போடுறப்ப மட்டும் தயிர் சாதமும் ஊறுகாயும் 12 மணிக்கே எடுத்துட்டு ரூம்ல போயி சாப்பிட பெர்மிஷன் குடுங்க. ராத்திரிக்கு எட்டு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு பாக்குறோம், 6.45க்கு சப்பாத்தியோ உப்புமாவோ எது ரெடியா இருக்கோ அது போதும், ஒன்னும் ஆகலைன்னா வாழைப்பழமும் பாலும் குடிச்சிட்டு படுத்துடுவோம். புதன்கிழமை நைட்டு சிக்கன் இருக்குறதால அன்னைக்கு மட்டும் இந்த டைம் தவறாம கிடைச்சா நல்லா இருக்கும், ஏன்னா அன்னைக்கு குருமா கரண்டியும் சிக்கன் கரண்டியும் ஒரே தட்டுல தான் கிடக்கும், பரிமாறுற தம்பிய குத்தம் சொல்ல முடியாது, நானூறு பேருக்கு அவன் ஊத்தணும்.

எங்களுக்குன்னு ரெண்டு கரண்டி, ஒரு சின்ன தூக்கு வாளி நாங்களே வாங்கி குடுத்துடுறோம், தட்டு டம்ளரும் எங்களோடது, கழுவுறதும் நாங்களே. வெங்காயம் பூண்டு இல்லாம செய்யணும்னு கேக்கல, வீட்ல இருக்குறவங்க அத விட்டுடுவாங்க, ஆனா படிக்கிற பசங்க ஹாஸ்டல் சாப்பாட்ட வீம்பு பண்ணாம சாப்பிடுங்கன்னு பெரியப்பா சொல்லிட்டார். சிக்கனுக்கு பதிலா பனீர் குடுங்க, மெஸ் பில்ல குறைங்கன்னும் கேக்க மாட்டோம். மாலை போட்டவன் எல்லாம் பனீர் கேப்பான்னு மெஸ்ல ஒரு கிண்டல் ஓடிட்டு இருக்கு, அதுக்காக தான் இத தனியா எழுதுறேன்.

ரூம்ல விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் ஏத்த மாட்டோம். மெத்தை தலையணை எல்லாம் கர்டன் எல்லாம் பக்கத்துலயே இருக்கு, ஃபயர் விஷயத்துல நீங்க எவ்வளவு கண்டிப்புன்னு தெரியும். ஒரு படம் மட்டும் அலமாரி மேல வச்சுக்குறோம், விளக்கு போடுறதெல்லாம் கோயில்ல. சரணம் சத்தமா சொல்லணும்னா அதுவும் அங்க தான், எக்ஸாம் நேரத்துல படிக்கிறவனுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாது.

என் ரூம்மேட் மாலை போடல சார், அவனுக்கு முட்டை இல்லாம ஒரு நாள் ஓடாது. பாவம், ரூம்ல சாப்பிட மாட்டேன்டான்னு அவனே சொல்லிட்டான். முடிஞ்சா இந்த ஒரு மாசத்துக்கு எங்க நாலு பேரையும் ஒரே ரூம்ல போட்டீங்கன்னா ரொம்ப உதவி, கீழ் ஃப்ளோர்ல 109 காலியா தான் இருக்கு. முடியாதுன்னா பரவாயில்ல, இத வச்சு மத்த ரெண்டையும் தள்ளி போட்டுடாதீங்க.

ராத்திரி ரவுண்ட்ஸ் வர்றப்ப கட்டில் காலியா இருந்தா ஆள் இல்லன்னு ஆப்சென்ட் போட்டுடாதீங்க சார், விரதத்துல கட்டில் மெத்தை கிடையாது, கீழ பாய்ல துண்ட விரிச்சு படுத்திருப்போம், டார்ச்ச கொஞ்சம் கீழ அடிச்சு பாருங்க. செருப்பு போட மாட்டோம், ஷேவிங் கிடையாது, ஹாஸ்டல்ல கருப்பு வேட்டி தான் கட்டுவோம். லேப்ல ஷூ இல்லாம விட மாட்டாங்க, அத எங்க ஹெச்ஓடி கிட்ட தனியா பேசிக்கிறோம், உங்க தலையில அதையும் ஏத்தல. அப்புறம் 17க்கு மேல உங்களை பாத்தா சார்னு வராது, சாமின்னு தான் வாயில வரும், வாட்ச்மேன் அண்ணனையும் மெஸ் தம்பியையும் அப்படி தான் கூப்பிடுவோம், கிண்டல் பண்றோம்னு யாரும் எடுத்துக்க வேண்டாம்.

ஒன்னு சொல்ல மறந்துட கூடாது. வீட்ல நெருங்குன சொந்தத்துல ஏதாவது துக்கம் ஆச்சுன்னா மாலைய கழட்டிடணும். அப்படி எங்கள்ல யாருக்கு ஆனாலும் அன்னைக்கே உங்ககிட்ட வந்து சொல்லிடுவோம், அவன் பேர நோட்டுல இருந்து அடிச்சிடலாம். மாலை கழுத்துல இல்லாம காலையில கேட்டு கிட்ட எவன் வந்து நின்னாலும் விடாதீங்கன்னு வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, நாங்க போறத பாத்து கூட ஒட்டிகிட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க.

மெஸ் கான்ட்ராக்டர் சனிக்கிழமை தான் அடுத்த வார லிஸ்ட் போடுவார்னு மாஸ்டர் சொன்னார். அதனால 14ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை நீங்க அவருக்கு ஃபோன்ல சொல்லிட்டா எங்களுக்கு அது போதும். கேட்டு டைம்ல ஏதாவது மாத்தணும்னா, 4.45க்கு பதிலா அஞ்சு மணின்னா கூட சமாளிச்சிடுவோம், அதுக்கு மேல போனா விடிஞ்சிடும். நாளைக்கு சாயங்காலம் ரோல் கால் முடிஞ்சதும் நாலு பேரும் ஆபீஸ் வாசல்ல நிக்குறோம், எதுவும் கேக்கணும்னா கேளுங்க சார்.

இப்படிக்கு,
விக்னேஷ், ரூம் 214, மூணாம் வருஷம் இசிஇ
கூட மாலை போடுறவங்க: கார்த்திக் ரூம் 220, சரவணன் ரூம் 305, மணிகண்டன் ரூம் 117

இணைப்பு: நாலு வீட்டு சம்மத கடிதம், பெரியப்பா ஃபோன் நம்பர் அதுலயே இருக்கு