பயிற்சித்தாள்: குறிப்பேட்டிலிருந்து இருப்பாய்வு வரை – ஒரு சிறு வணிகரின் ஏப்ரல் மாதக் கணக்கு

எழுதுபொருள் வாங்கி விற்கும் ஒரு சிறு வணிகர் 2025 ஏப்ரல் 1 அன்று தொழில் தொடங்கினார். அந்த மாத நடவடிக்கைகள் கீழே. குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, ஏப்ரல் 30 அன்றைய இருப்பாய்வைத் தயாரிக்கவும். தொகைகள் ரூபாயில். வரி எதுவும் கணக்கில் சேரவில்லை.

நடவடிக்கைகள்

ஏப். 1 – ரொக்கம் 1,50,000, அறைகலன் 20,000 கொண்டு தொழில் தொடங்கியது
2 – வங்கியில் செலுத்தியது 1,00,000
4 – சேகரிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியது. பட்டியல் விலை 48,000, வியாபாரத் தள்ளுபடி 5%
5 – அந்தச் சரக்கைக் கொண்டுவர வண்டிக்கூலி ரொக்கமாக 650
6 – ரொக்க விற்பனை 18,500
9 – முரளிக்குக் கடன் விற்பனை 26,000
11 – சேதமான சரக்கை முரளி திருப்பியது 1,500
12 – சேகருக்குத் திருப்பிய சரக்கு. பட்டியல் விலை 2,000
14 – சேகரின் கணக்கை முழுவதும் தீர்க்கக் காசோலை 43,000
18 – சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கு, அடக்க விலை 1,200
21 – முரளி கொடுத்த காசோலை 20,000. அன்றே வங்கியில் செலுத்தப்பட்டது
25 – கடைக்குக் கண்ணாடி அலமாரி, காசோலை 8,000
27 – ரொக்க விற்பனை 31,200
28 – கடை வாடகை, காசோலை 6,000
30 – உதவியாளர் சம்பளம் ரொக்கமாக 7,500

பேனாவை எடுக்கும் முன் மூன்று கணக்கு

ஏப். 4: 48,000இல் 5% என்பது 2,400. கொள்முதல் 45,600. வியாபாரத் தள்ளுபடிக்குத் தனிக் கணக்கு கிடையாது; இடாப்பில் கழித்த நிலையில்தான் தொகை ஏடுகளுக்குள் வரவே செய்கிறது.

ஏப். 12: வாங்கும்போது 5% கழித்து வாங்கிய சரக்கு, திரும்பிப் போகும்போதும் 5% கழித்துத்தான் போக வேண்டும். 2,000 – 100 = 1,900. இந்தத் தாளில் அதிகம் பேர் தவறும் இடம் இதுதான். தவறினால் என்ன ஆகிறது என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ஏப். 14: சேகருக்குத் தரவேண்டியது 45,600 – 1,900 = 43,700. கொடுத்தது 43,000. மீதி 700 பெற்ற தள்ளுபடி. இது ரொக்கத் தள்ளுபடி என்பதால் கணக்கில் பதிய வேண்டும்.

குறிப்பேடு (பக்கம் 1)

| நாள் | விவரம் | பே.ப.எ. | பற்று | வரவு |
|---|---|---|---|---|
| ஏப். 1 | ரொக்கக் க/கு ப | 1 | 1,50,000 | |
| | அறைகலன் க/கு ப | 3 | 20,000 | |
| | முதல் க/கு | 4 | | 1,70,000 |
| | (தொழில் தொடங்கியது) | | | |
| 2 | வங்கிக் க/கு ப | 2 | 1,00,000 | |
| | ரொக்கக் க/கு | 1 | | 1,00,000 |
| | (வங்கியில் செலுத்தியது) | | | |
| 4 | கொள்முதல் க/கு ப | 5 | 45,600 | |
| | சேகர் க/கு | 6 | | 45,600 |
| | (5% தள்ளுபடி போகக் கடன் கொள்முதல்) | | | |
| 5 | உள்தூக்குக் கூலி க/கு ப | 9 | 650 | |
| | ரொக்கக் க/கு | 1 | | 650 |
| | (சரக்குக் கொண்டுவந்த கூலி) | | | |
| 6 | ரொக்கக் க/கு ப | 1 | 18,500 | |
| | விற்பனைக் க/கு | 7 | | 18,500 |
| | (ரொக்க விற்பனை) | | | |
| 9 | முரளி க/கு ப | 8 | 26,000 | |
| | விற்பனைக் க/கு | 7 | | 26,000 |
| | (கடன் விற்பனை) | | | |
| 11 | விற்பனைத் திருப்பக் க/கு ப | 10 | 1,500 | |
| | முரளி க/கு | 8 | | 1,500 |
| | (சேதமான சரக்கு திரும்பியது) | | | |
| 12 | சேகர் க/கு ப | 6 | 1,900 | |
| | கொள்முதல் திருப்பக் க/கு | 11 | | 1,900 |
| | (சரக்கு திருப்பியது, நிகர விலை) | | | |
| 14 | சேகர் க/கு ப | 6 | 43,700 | |
| | வங்கிக் க/கு | 2 | | 43,000 |
| | பெற்ற தள்ளுபடிக் க/கு | 12 | | 700 |
| | (கணக்கு முழுவதும் தீர்த்தது) | | | |
| 18 | எடுப்புகள் க/கு ப | 13 | 1,200 | |
| | கொள்முதல் க/கு | 5 | | 1,200 |
| | (சொந்த உபயோகத்துக்குச் சரக்கு) | | | |
| 21 | வங்கிக் க/கு ப | 2 | 20,000 | |
| | முரளி க/கு | 8 | | 20,000 |
| | (காசோலை பெற்று வங்கியிலிட்டது) | | | |
| 25 | அறைகலன் க/கு ப | 3 | 8,000 | |
| | வங்கிக் க/கு | 2 | | 8,000 |
| | (கண்ணாடி அலமாரி வாங்கியது) | | | |
| 27 | ரொக்கக் க/கு ப | 1 | 31,200 | |
| | விற்பனைக் க/கு | 7 | | 31,200 |
| | (ரொக்க விற்பனை) | | | |
| 28 | வாடகைக் க/கு ப | 14 | 6,000 | |
| | வங்கிக் க/கு | 2 | | 6,000 |
| | (கடை வாடகை) | | | |
| 30 | சம்பளக் க/கு ப | 15 | 7,500 | |
| | ரொக்கக் க/கு | 1 | | 7,500 |
| | (உதவியாளர் சம்பளம்) | | | |
| | மொத்தம் | | 4,81,750 | 4,81,750 |

ஏப். 18 பதிவில் விற்பனைக் கணக்கைத் தொடக்கூடாது. உரிமையாளர் எடுத்துக்கொண்டதை அவருக்கே விற்றதாகக் காட்ட முடியாது. வாங்கிய சரக்கு குறைகிறது, அவ்வளவுதான். அதனால் வரவு கொள்முதலுக்கு, அதுவும் அடக்க விலையில்.

பேரேட்டுப் பக்க எண்ணை முன்கூட்டி நிரப்பிவைக்காதீர்கள். ஒரு வரியைப் பேரேட்டில் எழுதி முடித்த பிறகுதான் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் போட வேண்டும். எண் இருந்தால் எடுத்தெழுதியாயிற்று, இல்லையென்றால் பாக்கி என்று பொருள். முதலிலேயே நிரப்பிவிட்டால், விட்டுப்போன வரியைத் தேட வழியில்லாமல் போகும்.

பேரேடு

எடுத்தெழுதும்போது கணக்கின் விவரப் பத்தியில் எதிர்க் கணக்கின் பெயர்தான் வரும். ரொக்கக் கணக்குக்குள் “ரொக்கம்” என்று ஒரு வரி இருந்தால் அது தவறு. எல்லா வரிகளுக்கும் குறிப்பேட்டுப் பக்க எண் 1 என்பதால் அந்தப் பத்தி இங்கே விடப்பட்டுள்ளது.

*ரொக்கக் கணக்கு (பக்கம் 1)*

| நாள் | விவரம் | பற்று | நாள் | விவரம் | வரவு |
|---|---|---|---|---|---|
| ஏப். 1 | முதல் | 1,50,000 | ஏப். 2 | வங்கி | 1,00,000 |
| 6 | விற்பனை | 18,500 | 5 | உள்தூக்குக் கூலி | 650 |
| 27 | விற்பனை | 31,200 | 30 | சம்பளம் | 7,500 |
| | | | 30 | இருப்பு கீ/இ | 91,550 |
| | | 1,99,700 | | | 1,99,700 |
| மே 1 | இருப்பு கீ/கொ | 91,550 | | | |

*வங்கிக் கணக்கு (பக்கம் 2)*

| நாள் | விவரம் | பற்று | நாள் | விவரம் | வரவு |
|---|---|---|---|---|---|
| ஏப். 2 | ரொக்கம் | 1,00,000 | ஏப். 14 | சேகர் | 43,000 |
| 21 | முரளி | 20,000 | 25 | அறைகலன் | 8,000 |
| | | | 28 | வாடகை | 6,000 |
| | | | 30 | இருப்பு கீ/இ | 63,000 |
| | | 1,20,000 | | | 1,20,000 |
| மே 1 | இருப்பு கீ/கொ | 63,000 | | | |

*சேகர் கணக்கு (பக்கம் 6)*

| நாள் | விவரம் | பற்று | நாள் | விவரம் | வரவு |
|---|---|---|---|---|---|
| ஏப். 12 | கொள்முதல் திருப்பம் | 1,900 | ஏப். 4 | கொள்முதல் | 45,600 |
| 14 | வங்கி | 43,000 | | | |
| 14 | பெற்ற தள்ளுபடி | 700 | | | |
| | | 45,600 | | | 45,600 |

ஏப். 14 பதிவு கூட்டுப் பதிவு. குறிப்பேட்டில் சேகருக்கு 43,700 என்று ஒரே வரி. பேரேட்டில் அது 43,000, 700 என்று இரண்டாகப் பிரிகிறது. இருப்பு இல்லாததால் இந்தக் கணக்கு இருப்பாய்வுக்குப் போகாது.

*முரளி கணக்கு (பக்கம் 8)*

| நாள் | விவரம் | பற்று | நாள் | விவரம் | வரவு |
|---|---|---|---|---|---|
| ஏப். 9 | விற்பனை | 26,000 | ஏப். 11 | விற்பனைத் திருப்பம் | 1,500 |
| | | | 21 | வங்கி | 20,000 |
| | | | 30 | இருப்பு கீ/இ | 4,500 |
| | | 26,000 | | | 26,000 |
| மே 1 | இருப்பு கீ/கொ | 4,500 | | | |

*கொள்முதல் கணக்கு (பக்கம் 5):* பற்றில் ஏப். 4 சேகர் 45,600, வரவில் ஏப். 18 எடுப்புகள் 1,200; பற்று இருப்பு 44,400.

*விற்பனைக் கணக்கு (பக்கம் 7):* வரவில் ஏப். 6 ரொக்கம் 18,500, ஏப். 9 முரளி 26,000, ஏப். 27 ரொக்கம் 31,200. வரவு இருப்பு 75,700.

*அறைகலன் கணக்கு (பக்கம் 3):* பற்றில் ஏப். 1 முதல் 20,000, ஏப். 25 வங்கி 8,000. பற்று இருப்பு 28,000.

*முதல் கணக்கு (பக்கம் 4):* வரவில் ஏப். 1 ரொக்கம் 1,50,000, அறைகலன் 20,000. வரவு இருப்பு 1,70,000.

மற்ற ஏழு கணக்குகளிலும் ஒரே ஒரு வரிதான். அந்தத் தொகையே இருப்பு.

இருப்பாய்வு – 2025 ஏப்ரல் 30 அன்று (இருப்பு முறை)

| கணக்கின் பெயர் | பே.ப.எ. | பற்று | வரவு |
|---|---|---|---|
| ரொக்கம் | 1 | 91,550 | |
| வங்கி | 2 | 63,000 | |
| அறைகலன் | 3 | 28,000 | |
| முதல் | 4 | | 1,70,000 |
| கொள்முதல் | 5 | 44,400 | |
| விற்பனை | 7 | | 75,700 |
| முரளி (கடனாளி) | 8 | 4,500 | |
| உள்தூக்குக் கூலி | 9 | 650 | |
| விற்பனைத் திருப்பம் | 10 | 1,500 | |
| கொள்முதல் திருப்பம் | 11 | | 1,900 |
| பெற்ற தள்ளுபடி | 12 | | 700 |
| எடுப்புகள் | 13 | 1,200 | |
| வாடகை | 14 | 6,000 | |
| சம்பளம் | 15 | 7,500 | |
| மொத்தம் | | 2,48,300 | 2,48,300 |

மாத இறுதியில் விற்காமல் கிடக்கும் சரக்கு இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்கலாம். அதன் விலை ஏற்கெனவே கொள்முதலுக்குள் இருக்கிறது. இறுதிச் சரக்கிருப்பை எண்ணி மதிப்பிட்டு, இறுதிக் கணக்குகள் தயாரிக்கும்போதுதான் கொண்டுவர வேண்டும்.

மொத்தம் சேரவில்லையென்றால்

முதலில் பத்திகளை மறுபடி, இந்த முறை கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள். அப்போதும் சேராவிட்டால் வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே தேடலாம் என்று அந்த எண்ணே ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

வித்தியாசம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 1,500. அந்தத் தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது? விற்பனைத் திருப்பத்தில். “விற்பனை” என்ற சொல்லைப் பார்த்ததும் கை வரவுப் பத்திக்குப் போய்விடுவது சகஜம். தவறான பக்கத்தில் விழுந்த தொகை எப்போதும் இரு மடங்கு வித்தியாசம் தரும்.

வித்தியாசம் 900. ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 31,200ஐ விற்பனைக் கணக்கில் 32,100 என்று எடுத்தெழுதியிருந்தால் வரவு மொத்தம் 2,49,200 ஆகி, 900 கூடுதலாக நிற்கும்.

வித்தியாசம் 700 என்றால் பாதியும் பார்க்க வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். அந்தத் தொகையையே தேடுங்கள்: ஏப். 14இன் மூன்றாவது வரி தள்ளுபடிக் கணக்குக்குப் போகாமல் நின்றிருக்கும்.

கூடுதல் வினாக்கள்

1. மேற்சொன்ன 900 உடனே கண்டுபிடிபடவில்லை. இருப்பாய்வை எப்படி முடிப்பது? பிழை தெரிந்த பின் என்ன பதிவு?

*விடை:* பற்றுப் பத்தி குறைவாக இருப்பதால் அனாமத்துக் கணக்கு 900ஐப் பற்றில் சேர்த்து மொத்தத்தை 2,49,200 ஆக்குக. பிழை தெரிந்ததும்: விற்பனைக் க/கு ப 900, அனாமத்துக் க/கு 900. அனாமத்துக் கணக்கு முடிந்துவிடும்.

2. கண்ணாடி அலமாரியைக் கொள்முதலில் பற்று வைத்துவிட்டார்கள். இருப்பாய்வு காட்டிக்கொடுக்குமா?

*விடை:* இல்லை. கொள்முதல் 52,400, அறைகலன் 20,000. மொத்தம் அதே 2,48,300. இது விதிப்பிழை. ஆனால் லாபம் 8,000 குறைவாகவும், சொத்து 8,000 குறைவாகவும் காட்டும். திருத்தம்: அறைகலன் க/கு ப 8,000, கொள்முதல் க/கு 8,000. அனாமத்து இங்கே தேவையில்லை.

3. ஏப். 12 திருப்பத்தை 2,000 என்றே பதிந்து, ஏப். 14இலும் அதைத் தொடர்ந்தால்?

*விடை:* சேகருக்குத் தரவேண்டியது 43,600 ஆகும். 43,000 போக தள்ளுபடி 600. கொள்முதல் திருப்பம் 100 கூட, பெற்ற தள்ளுபடி 100 குறைய, இருப்பாய்வு மொத்தம் அப்படியே இருக்கும். சேகர் கணக்கும் ஒழுங்காக முடிந்ததுபோலத் தெரியும். மொத்த லாபம் 100 அதிகமாகும், நிகர லாபம் மாறாது. சேகர் அனுப்பும் கணக்கு அறிக்கையில் ஏப். 12க்கு எதிரே 1,900 என்று இருப்பதைப் பார்த்தால்தான் பிடிபடும். திருத்தம்: கொள்முதல் திருப்பக் க/கு ப 100; பெற்ற தள்ளுபடிக் க/கு 100.