தானியங்கித் தெருவிளக்குக் கருவிகளுக்கு விலைமனு கோரல்

ஒழுங்கை குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்
வெள்ளவத்தை, கொழும்பு 06

11.08.2025

விற்பனை முகாமையாளர் அவர்கட்கு
மின்சாதன விற்பனைப் பிரிவு
முதலாம் குறுக்குத் தெரு, கொழும்பு 11

ஐயா,

காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கை தனியாருக்குச் சொந்தமானது. இங்குள்ள 14 விளக்குகளும் சங்கத்தின் செலவில் போட்டவை, சங்கத்தின் பெயரிலுள்ள மின்மானியில் எரிபவை. மாநகர சபை விளக்குகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவற்றைத் தானாக எரித்து அணைக்கும் கருவிகளுக்கு உங்களிடமிருந்து விலைமனு பெற விரும்புகிறோம்.

இப்போது காவலாளிதான் சுவிட்சைப் போட்டு அணைக்கிறார். விடியற்காலையில் வேலை மாறும் நேரம் என்பதால் காலை எட்டரை வரை விளக்குகள் எரிந்துகொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றும் 40 வோட் எல்.ஈ.டி. இரண்டரை மணித்தியாலம் வீணாக எரிந்தால் நாளுக்கு 1.4 அலகு, மாதத்துக்கு 42 அலகு. காவலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு வேலைகளும் உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு கடையில் வாங்கிய சென்சர் ஒன்றைப் பொருத்திப் பார்த்தோம். அதை விளக்குக்குக் கீழேயே மாட்டிவிட்டார்கள். விளக்கு எரிந்ததும் பகல் என்று நினைத்து அணைத்தது, அணைந்ததும் இரவென்று மறுபடி எரித்தது. பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. இடத்தை மாற்றிய பிறகு சில மாதங்கள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் உள்ளிருந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, பகலிலும் விளக்கு அணையவில்லை. 14 விளக்குக்கும் சேர்த்து மின்னோட்டம் இரண்டரை அம்பியர்கூட வராது. ஆனால் எல்.ஈ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு என்று பின்னர்தான் தெரிந்துகொண்டோம். ஆகவே கருவியின் ரிலே நேரடியாக விளக்குகளை இயக்காமல், இடையில் ஒரு கொன்டக்டர் இருக்க வேண்டும். அதன் அளவை எல்.ஈ.டி. சுமைக்குக் கணக்கிட்டு, மனுவில் குறிப்பிடுங்கள்.

விளக்குகள் இரண்டு சுற்றுகளாக உள்ளன: காலி வீதிப் பக்கம் 8, கடல் பக்கம் 6. இரண்டும் நுழைவாயிலிலுள்ள மின்மானிப் பெட்டியில்தான் தொடங்குகின்றன. ஒரே கருவியால் இரண்டையும் இயக்குவது மலிவாக இருக்கலாம். ஆனாலும் சுற்றுக்கு ஒன்றாக இரண்டு கருவிகளே எங்களுக்கு விருப்பம். ஒன்று பழுதானாலும் பாதி ஒழுங்கைக்காவது வெளிச்சம் இருக்கும்.

கொழும்பில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். ஆகவே சூரிய நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர் போதும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். ஆனால் மழைக்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும் நாட்கள் உண்டு. அதனால் டைமரோடு சென்சரும் சேர்ந்த கருவி வேண்டும். மேகம் கடந்துபோகும் இரண்டு நிமிடத்துக்காக எரிந்து அணையாதபடி அதில் தாமத வசதி இருப்பது அவசியம். மின்வெட்டுக்குப் பிறகு நேரம் பிசகாமலிருக்க உள்ளே பற்றரியும், கையால் இயக்க ஒரு சுவிட்சும் வேண்டும். நள்ளிரவுக்குப் பின் பாதி விளக்கை அணைக்கும் யோசனை கூட்டத்தில் வந்தது, பெண்கள் எதிர்த்ததால் கைவிட்டோம். அந்த வசதிக்குத் தனி விலை சேர்க்க வேண்டாம்.

உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே சாதாரண இரும்புப் பெட்டி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். IP65 தரமுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் துருப்பிடிக்காத ஆணிகளும் கேட்கிறோம். இடி மின்னலுக்கான பாதுகாப்புச் சாதனத்தின் விலையைத் தனியாகக் காட்டுங்கள்.

மனுவில் கருவி, கொன்டக்டர், பெட்டி, பொருத்துக்கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகவும், 18 வீத வற் வரி பொருந்துமானால் அதை வேறாகவும் எழுதுங்கள். கருவி எந்த நாட்டுத் தயாரிப்பு, உதிரிப்பாகம் உங்களிடமே கிடைக்குமா என்பதும் வேண்டும். குறைந்தது இரண்டு வருட உத்தரவாதம் எதிர்பார்க்கிறோம். விலை 30 நாட்களுக்கு மாறாமல் இருக்க வேண்டும். பொருட்கள் வந்ததும் பாதிப் பணம், பொருத்தி ஏழு இரவுகள் பிசகின்றி இயங்கியதும் மீதி. இரண்டுமே காசோலையாகத் தருவோம்.

இடத்தைப் பார்க்காமல் விலை சொல்ல வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். சனி, ஞாயிறு மாலை 4 மணிக்குப் பிறகு வந்தால் பெட்டியின் திறப்பு காவலாளியிடம் இருக்கும். மின்மானியிலுள்ள சீலை மட்டும் உங்கள் ஆட்கள் தொடக்கூடாது.

மனுவை மூடிய உறையில் 29.08.2025க்கு முன் இக்கடிதத்தைக் கொண்டுவரும் பொருளாளரிடம் சேர்ப்பியுங்கள். வேறு இரண்டு கடைகளிடமும் கேட்டிருக்கிறோம். 31ஆம் திகதி ஞாயிறு நடக்கும் குழுக் கூட்டத்தில் மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்
(நிர்வாகக் குழுவின் சார்பில்)