காலண்டர் ஆர்டர் தாமதம்: வருந்துகிறோம், புதிய ஏற்பாடு

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். இன்று உங்கள் கடைக்கு வந்து சேர வேண்டிய 3,000 தினசரி காலண்டர்களை அனுப்ப முடியவில்லை. மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். மார்கழி பிறக்கும் முன்பே வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது தள்ளிப்போவது எங்களுக்கும் வேதனையாக இருக்கிறது.

சனிக்கிழமை இரவு மின்னழுத்தம் திடீரென ஏறியதில் நான்கு வண்ண ஆஃப்செட் மெஷினின் கன்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது. மாற்று போர்டு சென்னையிலிருந்து வர வியாழன் ஆகும். அதுவரை வேலையை நிறுத்தி வைக்க மாட்டோம்.

தகரம் அடித்து முடித்த 1,000 காலண்டர்கள் இன்றிரவு லாரி பார்சலில் மதுரைக்குக் கிளம்புகின்றன. நாளை காலை கிடைத்துவிடும். மீதி 2,000க்கான மேல் அட்டையைப் பக்கத்து அச்சகத்தில் இரவே ஓட்டுகிறோம். பிளேட் அதேதான், ஆனால் மெஷின் வேறு. அதனால் உங்கள் கடைச் சின்னத்தின் மெரூன் நிறம் மாறிவிடாமல், முன்பு நீங்கள் கையெழுத்திட்ட மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முழுதாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். தினத்தாள் கட்டுகள் தயாராக உள்ளன. வெள்ளி மாலைக்குள் அனைத்தும் உங்கள் கடையில் இறங்கும்.

லாரி வாடகை முழுவதும் எங்களுடையது. பில்லில் 5% குறைத்துவிடுகிறோம். மீதி 2,000இல் 500 வெள்ளிக்கு முன்பே தேவைப்பட்டால் சொல்லுங்கள், அவற்றை முதலில் முடித்து பஸ் பார்சலில் ஏற்றிவிடுகிறேன்.

நாளை காலை லாரி ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
அச்சகப் பொறுப்பாளர்,
சிவகாசி